ஏழின் மடங்குகளை எழுதிப் பார்க்காமல் எண்ணுவது எப்படி?

1001 முதல் 5000 வரை 7-இன் மடங்குகள் எத்தனை? எல்லாவற்றையும் எழுதாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், இரண்டு வகுத்தல் போதும். 7-ஆல் மீதியின்றி வகுபடும் எண்தான் 7-இன் மடங்கு. 1-இலிருந்து எண்ணிக்கொண்டே போனால் ஒவ்வொரு ஏழாவது எண்ணும் மடங்காக வரும். அதனால் 5000-ஐ 7-ஆல் வகுத்தால் கிடைக்கும் ஈவு 714, அதுவரை உள்ள மடங்குகளின் எண்ணிக்கையேதான். மீதி 2-ஐ விட்டுவிடலாம். அடுத்த ஏழு இன்னும் நிறையவில்லை.

சரி, இதில் 1001-க்கு முன்னால் வருபவை நமக்கு வேண்டாம். 1000-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 142. கழித்தால் 714 − 142 = 572.

ஏன் 1001-ஐ வகுக்காமல் 1000-ஐ வகுத்தோம்? புத்தகத்தில் 10-ஆம் பக்கம் முதல் 15-ஆம் பக்கம் வரை படித்தால், படிக்காமல் விட்டவை முதல் 9 பக்கங்கள்தான்; படித்தவை 6. பத்தைக் கழித்தால் பத்தாம் பக்கமே கணக்கிலிருந்து போய்விடும். இங்கேயும் அப்படித்தான்: 1001 என்பது 7 × 143, அதுவும் ஒரு மடங்கு.

இரண்டு எண்களையும் கழித்துவிட்டு ஒரே தடவை வகுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 5000 − 1001 = 3999; அதை 7-ஆல் வகுத்தால் ஈவு 571தான், ஒன்று குறைந்துவிடுகிறது.