நார்ச்சத்துப் பொடியில் வயிறு முறுக்குமா?

"அப்பாவுக்கு நார்ச்சத்துப் பொடி என்றுதான் வாங்கினேன். இரவு குடித்தால் விடியலில் வயிறு முறுக்கிப் போகிறது. இசப்கோல் இப்படிச் செய்யுமா?"

வெறும் இசப்கோல் பொதுவாக இப்படிச் செய்யாது. அது தண்ணீரை உறிஞ்சி மலத்தைப் பருமனாக்கும். பலன் தெரிய பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஒரே இரவில் முறுக்கிப் போனால், குடலைத் தூண்டும் சரக்கு கலந்திருக்கலாம். பெரும்பாலும் நிலாவிரை.

டப்பாவின் முன்பக்க எழுத்தை நம்பாதீர்கள். பின்னால் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். சென்னா, சோனாமுகி, ஸ்வர்ணபத்ரி எல்லாமே நிலாவிரைதான். மாத்திரையில் பிசாகோடைல் என்றிருந்தால் அதுவும் தூண்டும் வகை. இசப்கோல் உமி அல்லது சைலியம் ஹஸ்க் மட்டும் இருப்பதை வாங்குங்கள்.

அதை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுபவர் என்றால் கொடுக்கவே வேண்டாம். வாந்தியோடு வயிறு உப்பி, வாயுவும் பிரியவில்லை என்றால் எந்தப் பொடியும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.