1367 வர வேண்டிய இடத்தில் 642: ஸ்பிரிட் விளக்கின் வெப்பம் எங்கே போகிறது?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். முக்காலி, கம்பி வலை மேல் பீக்கர் வைத்து, ஸ்பிரிட் விளக்கில் சுத்த எத்தனாலை எரித்து 200 மி.லி. தண்ணீரை 31 டிகிரியிலிருந்து 51க்கு ஏற்றினோம். எட்டு நிமிடம் ஆனது, 1.20 கிராம் செலவானது. கணக்குப் போட்டால் எரிதல் வெப்பம் மோலுக்கு 642 கிலோஜூல். டேட்டா புக்கில் 1367. மூன்று முறை செய்தும் 620க்கும் 660க்கும் நடுவில்தான் நிற்கிறது. 1-புரோப்பனாலில் அதே 20 டிகிரிக்கு 1.10 கிராம் செலவாகி 913 வந்தது, புத்தகத்தில் 2021. தெர்மாமீட்டர் சரியில்லையா? "முழுமையற்ற எரிதல்" என்று ரெக்கார்டில் எழுதச் சொன்னால் போதுமா?

பதில்:

தெர்மாமீட்டர் மேல் பழி போட வேண்டாம். 20 டிகிரி ஏற்றத்தில் அரை டிகிரி தப்பாகப் படித்திருந்தாலும் இரண்டரை சதவீதம்தான் மாறும். தராசில் 0.02 கிராம் பிசகினால் இன்னும் ஒன்றரை, இரண்டு சதவீதம். இரண்டையும் சேர்த்தாலும் ஐந்தைத் தொடாது. உங்களுக்குக் குறைவதோ 53 சதவீதம். அதோடு, படிப்பதில் வரும் பிழை ஒரு முறை கூட்டும், ஒரு முறை குறைக்கும். உங்களுடைய மூன்று விடைகளும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருக்கின்றன. அப்படியென்றால் அளந்தது ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறீர்கள். வெப்பம் தண்ணீருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு சேரவில்லை என்று முதலில் பார்ப்போம். 1.20 கிராம் எத்தனால் என்பது ஏறக்குறைய 0.026 மோல். புத்தகக் கணக்கில் அது 35.6 கிலோஜூல் தர வேண்டும். தண்ணீர் வாங்கியது 200 × 4.18 × 20, அதாவது 16.7 கிலோஜூல். காணாமல் போனது 18.9. இதை மாணவர்களைவிட்டே துண்டு துண்டாகத் தேட வைக்கலாம். பெரும்பாலான துண்டுகளை உங்கள் லேபிலேயே அளந்துவிட முடியும்.

முதல் துண்டு திருட்டே இல்லை, கணக்கு முறையின் வித்தியாசம். 1367 என்ற எண், எரிந்து உண்டாகும் நீர் திரவமாக 25 டிகிரியில் முடிகிறது என்று வைத்துக் கொடுக்கப்பட்டது. அதை அளந்த பாம் கலோரிமீட்டரில் எஃகுக் கலம் மூடியிருக்கும், உள்ளே அழுத்தத்தில் ஆக்சிஜன், வெளியே சுற்றிலும் தண்ணீர். உண்டாகும் நீராவிக்குத் தப்பிக்க வழியில்லை. அது உள்ளேயே குளிர்ந்து திரவமாகித் தன் மறைவெப்பத்தையும் கொடுத்துவிடும். உங்கள் பீக்கரின் அடியில் முதல் ஒரு நிமிடம் மங்கலாக ஈரம் படிந்திருக்கும், கவனித்திருப்பீர்கள். அதற்கப்புறம் நீராவி முழுக்க மேலே போய்விடுகிறது. ஒரு மோல் எத்தனால் மூன்று மோல் நீர் தருகிறது, மோலுக்கு 44 கிலோஜூல் வீதம் 132. ஆகவே நீராவியாகவே போகவிட்டால் கிடைக்கக்கூடிய உச்சமே 1235தான். திறந்த விளக்கில் யாராவது அட்டகாசமாக 1360 கொண்டுவந்து காட்டினால், அந்த நோட்டை நான் சந்தேகத்தோடுதான் திறப்பேன். உங்கள் 0.026 மோலுக்கு இந்தக் கணக்கில் 3.4 கிலோஜூல் போகிறது.

அடுத்தது பீக்கர். 100 கிராம் கண்ணாடி, கிராமுக்கு சுமார் 0.8 ஜூல், 20 டிகிரி: 1.6 கிலோஜூல். தண்ணீருக்கு மேலே நிற்கும் விளிம்பு அந்த அளவுக்குச் சூடாகியிருக்காது என்பதால் இது அதிகபட்சம்தான். இதைச் சேர்க்காமல் விட்டது மட்டும் கணக்கில் நேர்ந்த விடுபாடு. சேர்த்தால் 642 என்பது 703 ஆகிறது.

திரியிலிருந்து எரியாமலே ஆவியாகிப் போகும் எத்தனாலும் உண்டு. அணைத்தபின் சூடான திரி மூடி இல்லாமல் நின்றால் எடை குறைந்துகொண்டே போகும். நீங்களோ அதையும் எரிந்ததாகவே கணக்கில் எடுக்கிறீர்கள். சோதிப்பது எளிது. விளக்கை அணைத்ததும், மூடாமல் தராசில் வைத்து ஐந்து நிமிடம் எண்ணைப் பாருங்கள். 0.05 கிராம் இறங்கினால் அது 1.5 கிலோஜூலுக்குச் சமம். அணைத்த கையோடு மூடி போட்டு, மூடியோடு எடை போடுங்கள், முதல் எடையும் மூடியோடுதான்.

இனி, நீங்கள் கேட்ட முழுமையற்ற எரிதல். பிள்ளைகள் எல்லோரும் முதலில் எழுதுவது இதைத்தான், பீக்கர் அடியில் கரி கண்ணுக்குத் தெரிவதால். அந்தக் கரியை எடை போட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பீக்கரை முன்னும் பின்னும் நன்றாக உலர்த்தி எடை போட்டால் 0.01 கிராம் ஏறியிருந்தாலே அதிகம். கார்பன் மோலுக்கு 394 கிலோஜூல், 12 கிராமுக்கு. 0.01 கிராமுக்கு 0.3 கிலோஜூல்தான் வருகிறது. 18.9இல் 0.3! கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் எத்தனால் சுடர் நீலமாக நின்று எரிந்திருந்தால் அதைப் பெரிதாக நினைக்க வேண்டியதில்லை. ஆகவே ரெக்கார்டில் அந்த வரி இருக்கட்டும், முதல் வரியாக மட்டும் வேண்டாம்.

ஏறிய வெப்பமும் பீக்கரிலேயே தங்குவதில்லை. எட்டு நிமிடமும் தண்ணீர் அறையைவிடச் சூடாகிக்கொண்டே போகிறது, வாய் திறந்த பீக்கர் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. விளக்கை அணைத்தபின் கலக்கிக்கொண்டே நான்கு நிமிடம் வெப்பநிலையைக் குறித்தால் இதன் அளவு தெரிந்துவிடும். நான்கு நிமிடத்தில் 2 டிகிரி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், உச்சத்தில் நிமிடத்துக்கு அரை டிகிரி. தொடக்கத்தில் இழப்பு பூச்சியம், முடிவில் அரை, சராசரி கால். எட்டு நிமிடத்துக்கு 2 டிகிரி, அதாவது 1.7 கிலோஜூல்.

இதுவரை கூட்டினால் 8.5. மிச்சம் 10.4 கிலோஜூல், மொத்தத்தில் முப்பது சதவீதத்தை ஒட்டி. இது பீக்கரைத் தொடாமலே, அல்லது தொட்டும் தங்காமல், சுடு காற்றாக இரு பக்கமும் ஏறிப் போனதும், கம்பி வலையும் முக்காலியும் விழுங்கியதும். உங்கள் ஊரில் ஆடிக் காற்று அடிக்கிற மாதத்தில் மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்திருந்தால் சுடர் பாதி நேரம் சாய்ந்துதான் எரிந்திருக்கும். மின்விசிறி ஓடினாலும் அதே கதை.

ஆக, திருத்த வேண்டியது முதலில் இந்த இடத்தைத்தான். கம்பி வலையை எடுத்துவிடுங்கள். சுடரைப் பரப்பி, கண்ணாடி வெடிக்காமல் காப்பதற்குத்தான் அது, இந்தச் சோதனைக்கு அது தடுப்புச் சுவர். பீக்கருக்குப் பதிலாக இயற்பியல் லேபில் இருக்கும் செம்புக் கலோரிமீட்டரைக் கேட்டு வாங்கி, ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டுத் தொங்கவிடுங்கள். செம்புக்கு கிராமுக்கு 0.385 ஜூல் போதும், வெப்பத்தையும் உடனே கடத்தும். கலம் சிறிதாக இருந்தால் தண்ணீரை 100 மி.லி. ஆக்கிக்கொள்ளலாம். மேலே அட்டை மூடி, அதில் தெர்மாமீட்டருக்கும் கலக்கிக்கும் ஓட்டை. சுற்றிலும் இரு முனையும் வெட்டிய பிஸ்கட் டின்னைக் காற்றுத் தடுப்பாக நிறுத்துங்கள். அதன் அடியில் காற்று நுழைய இடம் விட வேண்டும். விடாவிட்டால் சுடர் மஞ்சளாகி, இத்தனை நேரம் சின்னதாக இருந்த கரிக் கணக்கு நிஜமாகவே பெரிதாகிவிடும். கலத்தைச் சுடரின் மேல் அமுக்கி வைத்தாலும் அப்படித்தான், குளிர்ந்த உலோகம் சுடரை அரைகுறையாக அணைக்கும். சுடரின் நுனி கலத்தின் அடியை லேசாகத் தொடும் உயரம் சரி.

தடுப்புக்குள் விளக்கின் வயிறும் சூடேறும் என்பதை மறக்க வேண்டாம். அடுத்த முறை ஊற்றுவதற்கு முன் விளக்கு முழுக்க ஆற வேண்டும், எரியும் எந்தச் சுடரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மெத்தனால் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, நச்சும்கூட. மெத்தனாலை நீங்களே செய்து காட்டுவது நல்லது.

குளிர்வதால் வரும் இழப்புக்கு ரம்ஃபோர்டு கையாண்ட பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. அறை 31 டிகிரி என்றால் தண்ணீரை 21இல் தொடங்கி 41இல் நிறுத்துங்கள். முதல் பாதியில் அறையிலிருந்து வாங்கும் வெப்பமும் பின்பாதியில் இழப்பதும் ஏறக்குறைய ஈடாகிவிடும். மண்பானைத் தண்ணீரில் கொஞ்சம் ஐஸ் போட்டு 21க்குக் கொண்டுவரலாம், ஐஸ் முழுக்கக் கரைந்தபின் அளந்து ஊற்ற வேண்டும். கலத்தின் வெளியே வியர்த்திருந்தால் துடைத்துவிட்டுப் பற்ற வையுங்கள். அணைத்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்து, ஏறி நிற்கும் உச்சத்தைக் குறியுங்கள்.

இவ்வளவும் செய்தால் உங்கள் எண் கணிசமாக ஏறும். ஆனாலும் 1235க்குக் கீழேதான் நிற்கும். அது குறையல்ல.

புரோப்பனால் விஷயத்துக்கு வருவோம், உங்கள் கையில் இருக்கும் எண்களில் எனக்குப் பிடித்தது அதுதான். எத்தனாலில் 642ஐ 1367ஆல் வகுத்தால் 0.47. அதாவது உங்கள் அமைப்பு வெப்பத்தில் 47 சதவீதத்தைப் பிடிக்கிறது. அதே அமைப்பு, அதே தண்ணீர், அதே 20 டிகிரி என்பதால் 913ஐ 0.47ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 1940. புத்தகத்தின் 2021க்கு நான்கு சதவீதம் கீழே. இழப்பு சதவீதம் கிட்டத்தட்ட மாறாமல் இருப்பதால்தான் இது நடக்கிறது. பாம் கலோரிமீட்டரையே முதலில் பென்சாயிக் அமிலத்தை எரித்து அளவு கட்டித்தான் பயன்படுத்துகிறார்கள், நீங்கள் எத்தனாலை அந்த வேலைக்கு வைத்துக்கொள்கிறீர்கள். டேட்டா புக்கில் மெத்தனால் 726, அப்புறம் 1367, 2021, 1-பியூட்டனால் 2676. ஒவ்வொரு CH₂ சேரும்போதும் 650ஐ ஒட்டி ஏறுகிறது. உங்கள் இரண்டு எண்களுக்கு நடுவே 271. ஒவ்வொன்றும் பாதிக்கும் கீழே குறைந்திருந்தாலும் படி ஏறும் ஒழுங்கு அப்படியே இருக்கும் என்பதை மெத்தனாலையும் சேர்த்து வரைபடம் போட்டால் பார்க்கலாம்.

அந்த நான்கு சதவீதக் குறைவுக்கு மட்டும் கரியைக் குற்றம் சொல்லலாம். கார்பன் கூடக் கூடச் சுடர் மஞ்சளாகிப் புகையும், அதனால் எத்தனாலில் கட்டிய 0.47 பியூட்டனாலுக்குப் போகும்போது இன்னும் கொஞ்சம் தவறும். பியூட்டனாலுக்குத் திரியைக் குட்டையாக இறக்கி, சுடரின் உயரத்தை எத்தனால் சுடருக்குச் சமமாக்கிக்கொண்டு செய்யுங்கள். கலத்தையும் முன்னும் பின்னும் எடை போடுங்கள், கரிக்கு எவ்வளவு போனது என்பது அங்கே தெரியும்.