சாப்பாட்டோடு 9,500, சாப்பாடு இல்லாமல் 8,500: எந்த பி.ஜி. மலிவு?

கேள்வி: திருச்சியிலிருந்து வந்து அடுத்த மாதம் சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர்கிறேன். இரண்டு லேடீஸ் பி.ஜி. பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மூன்று ஷேரிங் ஏ.சி. ரூம், மூன்று வேளை சாப்பாட்டோடு மாதம் 9,500 ரூபாய். இ.பி. தனி, யூனிட் 13 ரூபாய். அட்வான்ஸ் 9,500, காலி செய்யும்போது அதில் 2,500 பிடித்துக்கொள்வார்களாம். இன்னொன்று இரண்டு ஷேரிங் ஏ.சி., சாப்பாடு கிடையாது, 8,500 ரூபாய். இ.பி. வாடகையிலேயே அடக்கம். அட்வான்ஸ் 17,000, முழுவதும் திருப்பித் தருவார்களாம். எனக்கு மதியச் சாப்பாடு ஆபீஸிலேயே இலவசம். மாதத்தில் இரண்டு வார இறுதி ஊருக்குப் போய்விடுவேன். எது எனக்கு மலிவு?

பதில்: நீங்கள் சொன்ன கணக்கின்படி மூன்று ஷேரிங்தான் மலிவு. மாதம் சுமார் 2,000 ரூபாய் மிச்சமாகும். ஆனால் அங்கே போடுகிற சாப்பாட்டை நீங்கள் சாப்பிட்டால்தான் இந்த 2,000 கையில் நிற்கும்.

மாதத்துக்கு 90 வேளை சாப்பாடு என்று அவர்கள் சொல்லலாம். உங்களுக்கு அதில் எத்தனை வேளை தேவைப்படும் என்று பார்ப்போம். 22 வேலை நாட்களில் மதியம் ஆபீஸிலேயே முடிந்துவிடுகிறது. ஆக, காலை டிபன் 22 வேளை. இரவு 20 வேளைதான், ஏனென்றால் இரண்டு வெள்ளிக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறிவிடுவீர்கள். சென்னையிலேயே இருக்கும் இரண்டு வார இறுதிக்கு 12 வேளை. மொத்தம் 54.

இதையே வெளியே சாப்பிட்டால் என்ன ஆகும்? சாதாரண மெஸ் விலையில் காலைக்கு 60, இரவுக்கு 90, விடுமுறை நாள் மதியத்துக்கு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். காலை டிபன் 1,320, இரவு 1,800, வார இறுதிகள் 1,080. மொத்தம் 4,200 ரூபாய். 8,500 ரூபாய் பி.ஜி.யோடு இதைக் கூட்டினால் 12,700 வந்துவிடுகிறது. மழை நாளிலும் சோர்ந்து வரும் இரவுகளிலும் போனில் ஆர்டர் போடுகிற பழக்கம் வந்துவிட்டால் இந்த 4,200 எளிதாக 6,000 ஆகும். கணக்கில் நான் அதைச் சேர்க்கவில்லை.

அடுத்தது கரண்ட். சாதாரண ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரவு 8 மணி நேரம் ஓடினால் மாதம் 240 யூனிட். ஃபேன், லைட், கீசர் எல்லாம் சேர்த்து ரூமுக்கு 300 என்று வையுங்கள். 13 ரூபாய் வீதம் 3,900. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,300. ஏ.சி. போடாத மார்கழி, தை மாதிரி மாதங்களில் ஆளுக்கு 300க்குள் அடங்கிவிடும். ஆண்டில் 8 மாதம் 1,300, 4 மாதம் 300 என்று சராசரி போட்டால் மாதம் 970 ரூபாய். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உண்டே என்று கேட்பீர்கள். சப்-மீட்டரில் யூனிட்டுக்கு இத்தனை என்று வசூலிக்கும் இடத்தில் அந்தச் சலுகை உங்கள் வரைக்கும் வந்து சேராது.

இந்த 1,300 இரண்டு காரணங்களால் திடீரென்று ஏறும். ரூம்மேட் ஒருத்தி நைட் ஷிஃப்ட் போகிறவராக இருந்தால் பகலிலும் ஏ.சி. ஓடும், யூனிட் இரட்டிப்பாகும். இன்னொன்றைப் பலர் சேரும்போது கேட்பதே இல்லை: மூன்றாவது கட்டில் காலியானால் பில்லை எத்தனை பேருக்குப் பிரிப்பார்கள்? இருக்கிற இரண்டு பேருக்கு என்றால் உங்கள் பங்கு 1,950 ஆகிவிடும். காலிக் கட்டிலின் பங்கு ஓனருடையது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். சேரும் அன்றைக்கு மீட்டர் ரீடிங்கைப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆள் ஓட்டிய யூனிட் உங்கள் தலையில் விழுவது சகஜம்.

இரண்டாவது இடத்தின் 'இ.பி. அடக்கம்' என்ற வார்த்தையையும் அப்படியே நம்ப வேண்டாம். மாதத்துக்கு எத்தனை யூனிட் வரை என்று கேளுங்கள். ரூமுக்கு 150 யூனிட் வரைதான், அதற்கு மேல் 15 ரூபாய் என்று சொன்னால், கோடையில் 300 ஓடும் ரூமில் ஆளுக்கு 1,125 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு ஷேரிங்கில் பில்லைப் பிரிக்க ஒரு ஆள் குறைவு என்பதை மறந்துவிடக் கூடாது.

அட்வான்ஸில் எல்லோரும் பெரிய தொகையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். 17,000 ரூபாயை 6.5 சதவீத எஃப்.டி.யில் போட்டிருந்தால் மாதம் 92 ரூபாய் வட்டி வந்திருக்கும். அட்வான்ஸால் உங்களுக்கு ஆகும் நஷ்டம் அவ்வளவுதான், திரும்பி வருமென்றால். திரும்பாத 2,500 அப்படியல்ல. ஒரு வருஷம் இருந்தால் மாதம் 210 ரூபாய், ஆறே மாதத்தில் கிளம்பினால் 417. புது வேலை என்பதால் டீம் மாறி சிறுசேரிக்கோ வேறு ஊருக்கோ அனுப்பினாலும் அனுப்புவார்கள். அதனால் நோட்டீஸ் எத்தனை நாள், பாதி மாதத்தில் காலி செய்தால் வாடகை எப்படி, பெயின்ட், க்ளீனிங் என்று வேறு எதற்காவது பிடிப்பார்களா என்பதையெல்லாம் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் 17,000 ரூபாயைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனி என்று யாராவது சொன்னால், 2024 ஜூலையிலிருந்து ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாள் தங்கினால் அந்தத் தங்கும் கட்டணத்துக்கு வரி விலக்கு உண்டு என்று சொல்லுங்கள்.

இப்போது மொத்தம். மூன்று ஷேரிங்: 9,500 வாடகை, 970 கரண்ட், 210 அட்வான்ஸ் பிடித்தம், 10,680. இரண்டு ஷேரிங்: கரண்டுக்கு வரம்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 12,700.

ஆனால் இந்த வித்தியாசத்தைச் சாப்பாடே தின்றுவிடக்கூடும். ஆபீஸ் கேப் 7 மணிக்கு வந்து, பி.ஜி.யில் டிபன் ஏழரைக்குத்தான் தயாராகும் என்றால் 22 காலை டிபனும் வெளியேதான். அங்கேயே 1,320 போய்விடும். சாப்பாடு பிடிக்காமல் மாதத்தில் 8 இரவு வெளியே சாப்பிட்டால் இன்னொரு 720. வித்தியாசம் தீர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு ஆள் குறைவான ரூம்தான் மேல், எந்தச் சந்தேகமும் இல்லை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வார நாள் இரவு எட்டரை மணிக்குப் போய், அன்றைய சாப்பாட்டைக் காசு கொடுத்தாவது சாப்பிட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று எல்லா பி.ஜி.யிலும் நன்றாகத்தான் இருக்கும். டிபன் எத்தனை மணிக்கு, லேட்டாக வந்தால் சாப்பாடு எடுத்து வைப்பார்களா என்பதை வார்டனிடம் கேட்காமல் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெண்களிடம் கேளுங்கள். முடிந்தால் போன மாத இ.பி. பங்கு எவ்வளவு கட்டினார்கள் என்றும் கேட்டு வாருங்கள். என்னுடைய 1,300க்கு பதில் அந்தத் தொகையைப் போட்டு மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.