மூன்று கரண்டி போட்டால் போதுமா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறோம். மூன்று மாதக் குழந்தைக்கு டின் பால்தான். விலை கட்டுபடியாகவில்லை. நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் மூணு போட்டால் என்ன? மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறதே, கிருமி சாகுமா?

பதில்: வேண்டாம், அம்மா. மூன்று கரண்டி போட்ட பாலைக் குழந்தை முழுவதும் குடித்தாலும், அதற்குக் கிடைக்கும் ஊட்டம் முக்கால் பங்குதான். பசி அடங்காததால் அது இன்னும் கேட்கும். நீங்களும் அதே நீர்த்த பாலையே கொடுப்பீர்கள். பச்சிளம் குழந்தையின் சிறுநீரகத்தால் மிகுதியான நீரை விரைவாக வெளியேற்ற முடியாது என்பதால், இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி மூளை வீங்கக்கூடும்.

வலிப்போடு கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தையை நான் பார்த்தேன். இரண்டு நாளாகச் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தது, முகம் லேசாக உப்பியிருந்தது, உடல் சில்லிட்டிருந்தது. சளி என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். 120 மில்லி நீருக்கு இரண்டு கரண்டிதான் போட்டதாகத் தாய் பிறகு சொன்னார். இந்த அறிகுறிகளில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல், 108-ஐ அழைத்துச் சேலம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பெரும்பாலான டின்களில் 30 மில்லி நீருக்கு ஒரு கரண்டி என்றிருக்கும். உங்கள் டின்னில் அச்சிட்டிருப்பதே கணக்கு. அதே டின்னின் கரண்டியில் அழுத்தாமல் அள்ளி, சுத்தமான கத்தியின் முதுகால் மட்டமாக வழித்தெடுங்கள். முதலில் புட்டியில் 120 மில்லி கோடு வரை நீர், பிறகு நான்கு கரண்டி மாவு. மாவைப் போட்டபின் கோடு வரை நீர் ஊற்றினால் நீர் குறைந்து பால் கெட்டியாகும், அதுவும் ஆகாது.

ஏற்காட்டின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியில் கொதிக்கிறது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகளைக் கொல்ல அது போதும். கவலை அதற்குப் பிறகுதான். பால்மாவு கிருமி நீக்கப்பட்டதல்ல; அதிலுள்ள கிருமியைக் கொல்ல, கலக்கும்போது நீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே ஒரு லிட்டராகக் கொதிக்கவைத்து, மூடிவைத்து, அரை மணிக்குள் கலக்குங்கள். குளிர்காலத்திலும் சிறு பாத்திரத்திலும் நீர் வேகமாக ஆறிவிடும், அப்போது இன்னும் சீக்கிரம் கலக்க வேண்டும். கலக்கிய புட்டியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் ஊட்டுங்கள்.

காசை மிச்சப்படுத்த நேர்மையான வழி, மீந்து கொட்டுவதைக் குறைப்பதுதான். குழந்தை 90 மில்லியோடு நிறுத்துவது வழக்கமானால் மூன்று கரண்டிக்கு 90 மில்லி நீர் மட்டும் வையுங்கள். தேவைப்பட்டால் புதிதாகக் கலக்கலாம். குடித்து மீந்ததை எடுத்துவைக்கக் கூடாது. தாய்ப்பால் சுரப்பு முற்றிலும் நின்றுவிட்டதாகத் தோன்றினாலும், அடிக்கடி சப்பவைத்தால் பல தாய்மாருக்கு மீண்டும் சுரக்கும். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் குழந்தையை எடைபோடச் செல்லும்போது இதையும் கேளுங்கள்.