72-ஆ, 69.3-ஆ?

பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்பதற்கு 72-ஐ வட்டி வீதத்தால் வகுக்கச் சொல்கிறார்கள். தொடர் கூட்டுவட்டிக்கு மட்டும் 69.3 என்கிறார்களே, ஏன்?

இரண்டும் சரிதான். வட்டி எத்தனை முறை அசலோடு சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

தொடர் கூட்டுவட்டியில் ஒவ்வொரு கணமும் வட்டி அசலோடு சேருகிறது. ஆண்டு வட்டி வீதம் r என்றால், t ஆண்டுகளில் பணம் e^(rt) மடங்காகும். இது 2 ஆக வேண்டுமென்றால் rt = ln 2, அதாவது 0.693. வீதத்தைச் சதவீதத்தில் எழுதினால் 69.3. இது தோராயமில்லை, எந்த வீதத்துக்கும் துல்லியமான விடை. 8% என்றால் 8.66 ஆண்டு.

ஆண்டுக்கு ஒருமுறைதான் வட்டி சேரும் என்றால் கொஞ்சம் தாமதமாகும். அதே 8%-க்குச் சரியான விடை 9.006 ஆண்டு; 72/8 = 9. கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது. தவிர 72-ஐ 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாம் மீதியின்றி வகுக்கும். மனக்கணக்குக்கு அதுதான் வசதி. 69.3-ஐ யார் மனதில் வகுப்பது?

நம் வங்கி வைப்புநிதிகளில் பொதுவாகக் காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும். 7% என்றால் காலாண்டுக்கு 1.75%. இரட்டிப்பாக ஏறக்குறைய 40 காலாண்டு, அதாவது 10 ஆண்டு. 72 போட்டால் 10.3 வரும், 70 போட்டால் சரியாக 10. அதனால் வைப்புநிதிக்கு நான் 70-தான் போடுவேன்.

வீதம் ஏற ஏற 72 பிசகும். ஆண்டுக்கு ஒருமுறை சேரும் 24% வட்டிக்கு அது 3 ஆண்டு என்று சொல்லும், உண்மையில் 3.2 ஆகும். அப்புறம், தனிவட்டிக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே 100-ஐத்தான் வகுக்க வேண்டும்.