கம்ப்ரசர் கேள்வி-பதில்: பெங்களூரு தொழிற்கூடங்களிலிருந்து வந்தவை

பீன்யாவில் புது ஷெட் போடுகிறோம். 8 சிஎன்சி, 6 ஏர் கன், ஒரு ஏர் கிரைண்டர். கேட்டலாக் பார்த்துக் கூட்டினால் நிமிடத்துக்கு 160 கன அடி காற்று, அதாவது 160 சிஎஃப்எம் வருகிறது. 40 எச்பி ஸ்க்ரூ கம்ப்ரசர் வாங்கலாமா?

வேண்டாம். கூட்டியது தப்பில்லை, ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால்தான் அந்த 160 வரும். சிஎன்சிக்குத் தலா 10 என்று போட்டிருப்பீர்கள். டூல் மாற்றும்போது மட்டுமே அவ்வளவு போகும், மற்ற நேரம் ஸ்பிண்டிலுக்குள் தூசி போகாமல் ஊதும் பர்ஜ் காற்றுதான். ஒரு ஷிப்ட் முழுக்கச் சராசரி எடுத்தால் பாதிதான் வரும். 8 மெஷினுக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஏர் கன்னில் ஒரே நேரத்தில் இரண்டுதான் பிடிப்பார்கள், அதற்கு 20. 20 சிஎஃப்எம் கிரைண்டர் கால்வாசி நேரம் ஓடினால் 5. ஆக 65. லீக்குக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 72.

இங்கே பெங்களூருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஊர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று சென்னையைவிடச் சுமார் பத்து சதவீதம் மெல்லியது. கம்ப்ரசர் இழுக்கும் கன அளவு அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான், ஆனால் உள்ளே போகும் காற்றின் எடை குறைவு. டூல் கேட்டலாக்கில் இருப்பதோ பெரும்பாலும் கடல் மட்டக் கணக்கு. அதனால் 72-ஐ 0.9-ஆல் வகுத்து 80 என்று எடுங்கள். நாளைக்கு ஒன்றிரண்டு மெஷின் கூடினாலும் 95 போதும். 25 எச்பி ஸ்க்ரூ மெஷின் 7 பாரில் சுமார் 100 சிஎஃப்எம் தரும். 40 எச்பி வாங்கினால் பாதி நேரம் அன்லோடில் ஓடும். அப்போதும் முழு லோடில் கால்வாசி அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கும், காற்று மட்டும் வராது.

ஒரு நொடிக்கு எல்லாரும் சேர்ந்து கேட்டால்? அதற்குத்தான் ரிசீவர், அதாவது காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க். அடுத்த கேள்வியே அதுதான்.

பொம்மசந்திராவில் எங்களிடம் 100 சிஎஃப்எம் கம்ப்ரசர் இருக்கிறது. பாகங்களைக் கழுவியபின் ஊதி உலர்த்தும் பூத் 3 நிமிடத்துக்கு ஒருமுறை 15 வினாடி ஓடும், அப்போது 150 சிஎஃப்எம் இழுக்கும். மற்ற மெஷின்களுக்கு 60. ஒரு டீலர் 1,000 லிட்டர் டேங்க் போதும் என்கிறார், இன்னொருவர் 2,000 என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். பூத் ஓடும்போது தேவை 210, கிடைப்பது 100, பற்றாக்குறை 110 சிஎஃப்எம். 15 வினாடிக்கு அது சுமார் 780 லிட்டர் சாதாரணக் காற்று. டேங்கில் பிரஷர் ஒரு பார் இறங்கினால், டேங்கின் ஒவ்வொரு லிட்டரும் ஏறக்குறைய ஒரு லிட்டர் சாதாரணக் காற்றைக் கொடுக்கும். 7 பாரிலிருந்து 6 வரை இறங்கினால் பரவாயில்லை என்றால் 780 லிட்டர், அதாவது கடையில் கிடைக்கும் 1,000. அரை பாருக்கு மேல் இறங்கக்கூடாது என்றால் 1,560, அதற்கு 2,000. எவ்வளவு இறங்கலாம் என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள், அப்புறம் டீலரிடம் பேசுங்கள்.

திரும்ப நிரம்புமா என்றும் பார்த்துவிடுவோம். பூத் நின்றபின் மிச்சம் 40 சிஎஃப்எம். அதைக் கொண்டு 780 லிட்டரை ஈடுகட்ட 40 வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். உங்களிடம் இருப்பதோ 2 நிமிடம் 45 வினாடி. சரி, தாங்கும். டேங்கை கம்ப்ரசர் ரூமில் வைக்காமல் பூத் அருகே வைத்து, முன்னால் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் போடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து மெஷின்கள் அந்தக் காற்றையும் இழுத்துவிடும்.

கம்ப்ரசர் கேஜில் 7.5 பார் இருக்கிறது, கடைசி மெஷினில் 5.8. லோ ஏர் அலாரம் வருகிறது. செட்டிங்கை 8.5 ஆக்கலாமா?

ஒரு பார் ஏற்றினால் கரண்ட் 6 முதல் 7 சதவீதம் கூடும். அதோடு லீக்கும் கூடும். அதற்கு முன்னால் 1.7 பார் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரே கேஜை எல்லா இடத்திலும் மாற்றி மாற்றிப் போட்டு, மெஷின் காற்று இழுக்கும்போது அளக்க வேண்டும். மெஷின் நிற்கும்போது அளந்தால் எல்லா இடத்திலும் ஒரே பிரஷர்தான் காட்டும்.

உதாரணத்துக்கு டிரையர், ஃபில்டர் தாண்டி 6.9, பைப் முடிவில் 6.4, மெஷின் நுழைவில் 5.8 என்று வருகிறது என்று வைப்போம். முதல் 0.6 ஃபில்டர் எலிமென்ட் அடைத்ததால், மாற்றினால் தீரும். கடைசி 0.6 மெல்லிய ஹோஸும் கப்ளரும் தின்றது. நடுவில் 0.5 பைப்பில் போனது. 100 சிஎஃப்எம், 1 அங்குல ஜிஐ பைப் 60 மீட்டர், எல்போக்களையும் சேர்த்தால் கணக்குப்படியும் ஏறக்குறைய 0.5 பார்தான் வரும். அதே தூரத்துக்கு ஒன்றரை அங்குலம் போட்டிருந்தால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் போயிருக்கும், ஏனென்றால் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர்விகிதம். புது ஷெட் போடுபவர்கள் பைப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யாதபோதும் கம்ப்ரசர் லோட் ஆகிக்கொண்டே இருக்கிறது. லீக் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைதான் இதற்குச் சரியான நாள். எல்லா மெஷினும் நிற்கட்டும். பவர் இருக்கும் சிஎன்சிகளின் பர்ஜ் காற்றையும் மூடுங்கள், அது லீக் இல்லை. ஸ்டாப்வாட்ச் வைத்து ஐந்தாறு சுற்றுக்கு லோட் நேரமும் அன்லோட் நேரமும் குறித்துச் சராசரி எடுங்கள். சராசரி லோட் 36 வினாடி, அன்லோட் 84 வினாடி என்றால், 36-ஐ மொத்தம் 120-ஆல் வகுத்தால் 30 சதவீதம். 100 சிஎஃப்எம் மெஷினில் 30 சிஎஃப்எம் வீணாகிறது. அதற்கு மட்டும் சுமார் 5.5 கிலோவாட். வருடத்தில் 6,000 மணி நேரம் ஓடினால் 33,000 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே இரண்டரை லட்சம் தாண்டும். 10 சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் நல்லது. பூஜ்யம் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள்.

எங்கே என்று கண்டுபிடிக்க, அதே நாளில் ஷெட்டின் ஒவ்வொரு பகுதிக்கும், அதாவது ஒவ்வொரு பேக்கும் போகும் வால்வைத் தனித்தனியாக மூடி நேரத்தைத் திரும்ப எடுங்கள். இரண்டாவது பேயை மட்டும் மூடியதும் லோட் 31, அன்லோட் 140 ஆனால் மிச்ச லீக் 18 சதவீதம்தான், அந்த ஒரு பேயிலேயே 12 சிஎஃப்எம் போகிறது. அங்கே முதலில் போங்கள். எல்லா பேயும் மூடியும் லோட் ஆகிறதென்றால் கம்ப்ரசர் ரூமுக்குள்ளேயே பாருங்கள். ஆட்டோ டிரெயின் திறந்தபடி சிக்கியிருப்பது சகஜம்.

வேலை நாளில் சத்தத்துக்கு நடுவில் காதால் கேட்க முடியாது. அல்ட்ராசோனிக் டிடெக்டர் வாடகைக்கு எடுத்தால் மெஷின் ஓடும்போதே தேடலாம். சந்தேகம் உள்ள இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி உறுதி செய்யுங்கள். குவிக் கப்ளர், ஃபில்டரும் ரெகுலேட்டரும் லூப்ரிகேட்டரும் சேர்ந்த எஃப்ஆர்எல் கிண்ணத்தின் ஓ-ரிங், சிஎன்சிக்குப் பின்னால் பியூ டியூப் நுழையும் புஷ் ஃபிட்டிங், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். வெட்டு கோணலாக இருந்தால் டியூப் சரியாக உட்காராது, ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டித் திரும்பச் செருகினாலே நின்றுவிடும். கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு டேக் கட்டி, சரி செய்தபின் அடுத்த ஞாயிறு அதே ஸ்டாப்வாட்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கம்ப்ரசருக்கு இந்த முறை ஒத்துவராது. அதில் கம்ப்ரசரை நிறுத்தி, டேங்கும் பைப்பும் சேர்ந்த கன அளவு தெரிந்திருந்தால் 7 பாரிலிருந்து 6-க்கு இறங்க எத்தனை வினாடி என்று பாருங்கள். அதை வைத்து லீக் கணக்கிடலாம்.

இரண்டாவது கம்ப்ரசருக்கு கொட்டேஷன் வாங்கிவிட்டோம் என்று ஜிகணியிலிருந்து ஒருவர் கேட்கிறார். இப்போது என்ன செய்ய?

ஆர்டர் கொடுப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் மேலே சொன்ன ஞாயிறு சோதனையையும் ஃபில்டர் மாற்றலையும் முடித்துவிடுங்கள். பிறகும் வேலை நாளில் கம்ப்ரசர் இடைவிடாமல் லோடிலேயே ஓடி, பிரஷர் 6-க்குக் கீழே போனால் அந்த கொட்டேஷனை எடுங்கள்.