செம்மண் குட்டைக்குக் களிமண்ணா, பென்டோனைட் விரிப்பா?

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினேன். கார்த்திகையில் நிரம்பியது தை பிறக்கும் முன்பே வற்றிவிடுகிறது. ஏரிக் களிமண் போட்டுத் திமிசு அடிக்கலாமா, அல்லது கடையில் ஜி.சி.எல். என்று சொல்லும் பென்டோனைட் விரிப்பைப் போடலாமா? சித்திரை, வைகாசியில் குட்டை எப்படியும் காய்ந்துதான் கிடக்கும். மாடுகளும் இறங்கும்.

பதில்: ஐயா, விடை உங்கள் கடைசி இரண்டு வரியில்தான் இருக்கிறது. நீர்க் கசிவை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1.5 மீட்டர் தண்ணீர் நிற்கும்போது, 30 செ.மீ. கனத்துக்கு நன்றாக இறுக்கிய களிமண் வழியே ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர் அளவுதான் இறங்கும். விரிப்பு பல மடங்கு இறுக்கமானதுதான். ஆனால் நனைந்து உப்பிய பிறகும் அதன் கனம் ஒரு செ.மீ. சுற்றித்தான் என்பதால் அதிலும் அதே கணக்கு வருகிறது. கோடை வெயிலில் ஆவியாகிப் போவதே தினமும் 5 மி.மீ.க்கு மேல். ஆகவே குட்டை காய்வதையும் மாட்டுக் குளம்பையும் எது தாங்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

விரிப்பு என்பது இரண்டு துணிகளுக்கு நடுவே சோடியம் பென்டோனைட் என்ற உப்பும் களிமண் தூளை வைத்து ஊசியால் தைத்தது. தண்ணீர் பட்டதும் தூள் உப்பி அடைத்துக்கொள்ளும். ஆணி குத்தின மாதிரி சின்னத் துளை விழுந்தால் தானாகவே மூடிவிடும். முந்திரிக் கட்டையின் வேர் முனையோ மாட்டுக் குளம்போ கிழித்தால் மூடாது. மேலே மண் பாரம் இல்லாமல் உப்பினாலும் வீண்தான். பாகூர் பக்கம் ஒரு குட்டையில் மாலையில் விரித்துவிட்டு, மண் மூடுவதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம். இரவு மழை. காலையில் கால் வைத்த இடமெல்லாம் கஞ்சிபோல் பிதுங்கி, காலடிக்குக் கீழே துணி மட்டும் மிஞ்சியது. நனைந்த அத்தனையையும் உருவிப் போட வேண்டியதாயிற்று. விரித்த அன்றே 30 செ.மீ. மண் மூடியாக வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால்.

வெடிப்பு விஷயம் இன்னும் நுணுக்கமானது. காய்ந்த பென்டோனைட் வெடிக்கும், மறுபடி நனைந்தால் உப்பிக் கூடிவிடும். ஆனால் மூடு மண்ணில் சுக்கான் கல் இருந்தாலோ தண்ணீர் கடினமாக இருந்தாலோ, ஒவ்வொரு காய்ச்சலிலும் சோடியம் விலகி அந்த இடத்தில் கால்சியம் உட்காரும். சில ஆண்டுகளில் உப்பும் குணமே போய்விடும், அப்புறம் விழுந்த வெடிப்பு வெடிப்புதான். வாங்குமுன் கடைக்காரரிடம் கொஞ்சம் தூள் கேளுங்கள். ஒரு தம்ளரில் மழைத் தண்ணீர், இன்னொன்றில் உங்கள் போர் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு தூளைக் கலக்காமல் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மறுநாள் போர் தண்ணீர்த் தம்ளரில் தூள் பாதி உயரத்துக்குத்தான் எழும்பியிருந்தால் விரிப்பை மறந்துவிடுங்கள்.

களிமண்ணும் காய்ந்தால் வெடிக்கத்தான் செய்யும், கரிசல் சாயல் இருந்தால் இன்னும் மோசம். ஆனால் 30 செ.மீ. கனம் இருப்பதால் குளம்பு 5 செ.மீ. அழுந்தினாலும் கீழே மிச்சம் இருக்கிறது. மேலே இன்னொரு 30 செ.மீ. உங்கள் செம்மண்ணையே பரப்பிவிட்டால் வெயில் அவ்வளவு சீக்கிரம் களிமண்ணைத் தொடாது. எனவே உங்கள் குட்டைக்கு நான் களிமண் பக்கம்தான் நிற்பேன், ஒரு நிபந்தனையோடு. ஏரியில் கிடைப்பதெல்லாம் களிமண் அல்ல, பாதி இடங்களில் அது வண்டல்தான். ஈர மண்ணை உள்ளங்கையில் தீக்குச்சி கனத்துக்கு உருட்டுங்கள். உடையாமல் நீண்டால் எடுக்கலாம், பொடிந்தால் வேண்டாம்.

முதலில் கரைச் சரிவை ஒன்றுக்கு மூன்றாகச் சாய்த்துவிடுங்கள். அப்போது மூட வேண்டிய பரப்பு சுமார் 625 சதுர மீட்டர் வரும், உதிரி மண் கணக்கில் கிட்டத்தட்ட 90 யூனிட். அனுமதி வாங்கித்தான் ஏரி மண் எடுக்க வேண்டும். கட்டிகளை உடைத்து, 15 செ.மீ. அடுக்காகப் பரப்பி, பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் ரோலர் ஓட்டுங்கள். திமிசு ஓரங்களுக்குத்தான் சரிப்படும். காய்ந்த மண்ணை இறுக்கினால் கட்டிக்குக் கட்டி இடுக்கு நின்று கசிவு பத்து மடங்காகிவிடும். ஒரு அடுக்கு முடிந்ததும் அதை வெயிலில் விடாமல் அடுத்ததைப் போடுங்கள்.

மாட்டுக்கு ஒரே ஒரு பக்கம் கல் பாவிய இறக்கம் விட்டு, மற்ற பக்கம் வேலி போடுங்கள். சித்திரையில் அடியில் ஒரு அடித் தண்ணீரையாவது இறைக்காமல் விட்டுவையுங்கள். மண் உருட்டும் சோதனையில் தேறாமல், தம்ளர் சோதனையில் தூள் தேறினால் மட்டும் விரிப்புக்குப் போகலாம். அப்போதும் மூடு மண் 30 போதாது, 60 செ.மீ. போடுங்கள். முதல் நனைப்பு மழைத் தண்ணீராகவே இருக்கட்டும்.